கலைச்சொல்: ஃப்ளோட்டி, ஸ்டிஃப் – மிதப்பும் விறைப்பும் சரியா?

மலர்விழி:
அனைவருக்கும் வணக்கம். Godot-இல் விளையாட்டு உருவாக்குவது பற்றி ஒரு தமிழ்க் கையேடு எழுதி வருகிறேன். பாத்திரத்தின் ஓட்டம் பற்றிய பகுதியில் இரண்டு சொற்களுக்கு உங்கள் கருத்து வேண்டும். பொத்தானை விட்ட பிறகும் பாத்திரம் இழுத்துக்கொண்டே போனால் ‘ஃப்ளோட்டி’ என்கிறோம். தொட்டதும் முழு வேகம், விட்டதும் மரக்கட்டைபோல நிற்பது என்றால் ‘ஸ்டிஃப்’. மிதப்பு, விறைப்பு என்று எழுதியிருக்கிறேன்.

கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டு: உச்ச வேகம் நொடிக்கு 300 பிக்சல், முடுக்கம் 600, உராய்வு 400. முழு வேகம் எடுக்க அரை நொடி, நிற்க முக்கால் நொடி. நிற்பதற்குள் 112 பிக்சல் போய்விடுகிறது. 32 பிக்சல் கட்டம் என்றால் மூன்றரைக் கட்டம்! விளிம்பில் நிறுத்தலாம் என்று பொத்தானை விட்டவர் பள்ளத்தில் விழுகிறார்.

ஞானம்:
அம்மா மலர்விழி, இயற்பியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன். பாடநூலில் மிதப்பு என்றால் திரவத்தில் பொருள் மிதப்பது. உராய்வு என்பது ஒரு விசை. தொடும் பரப்புகளின் தன்மையையும் அவற்றை அழுத்தும் விசையையும் பொறுத்தது. உங்கள் 400 விசையே இல்லை, வேகம் குறையும் வீதம். எதிர்முடுக்கம் என்று எழுதுங்கள். மற்றபடி, உராய்வைக் கூட்டினால் மிதப்பும் தீர்ந்துவிடும்தானே?

ரிஸ்வான்:
தீரவில்லை ஐயா. நான் உராய்வை 400-இலிருந்து 3000 ஆக்கிவிட்டேன். இன்னும் என் பாத்திரம் தாவினால் பலூன்போல இறங்குகிறது. என்ன மதிப்பு போடுவது, யாராவது சொல்லுங்களேன்.

செந்தில்:
ரிஸ்வான் கேட்டது வேறு கேள்வி. ஆனால் சொல் குழப்பமும் அங்கேதான் இருக்கிறது. நாம் ‘ஃப்ளோட்டி’ என்று ஒரே பேரில் அழைப்பது இரண்டு கோளாறுகளை.

தரையில் நடப்பது வழுக்கல். அதற்குக் காரணம் முடுக்கமும் உராய்வும். காற்றில் நடப்பதுதான் மிதப்பு. அதற்குக் காரணம் ஈர்ப்பு. Godot-இன் இயல்பான ஈர்ப்பு 980. தாவும் வேகம் 400 என்றால் பாத்திரம் 82 பிக்சல் உயரம் போய், 0.82 நொடியில் தரையைத் தொடும். ரிஸ்வான், ஏறும்போது 980-ஐ அப்படியே விட்டுவிட்டு, இறங்கும்போது மட்டும் 1960 போட்டுப் பாருங்கள். உயரம் மாறாது, மொத்த நேரம் 0.7 நொடியாகும்.

இனி மலர்விழியின் எடுத்துக்காட்டு. அதில் எல்லோரும் விட்டுவிடுவது திரும்பும் நேரத்தை. முழு வேகத்தில் வலப்பக்கம் ஓடுபவர் இடப்பக்கம் அழுத்தினால், முடுக்கம் 600-இல் எதிர்த்திசையில் முழு வேகம் எடுக்க ஒரு முழு நொடி ஆகும். ‘பாத்திரம் என் பேச்சைக் கேட்கவில்லை’ என்று ஆடுபவர் எரிச்சலடைவது பெரும்பாலும் இந்த நொடியில்தான். அதனால் திருப்பத்துக்குத் தனி மதிப்பு வைக்கிறேன்:

```
var rate = accel
if dir == 0:
    rate = friction
elif dir * velocity.x < 0:
    rate = turn
velocity.x = move_toward(velocity.x, dir * 300.0, rate * delta)
```

முடுக்கம் 2400, உராய்வு 3000, திருப்பம் 4800. நிற்க 0.1 நொடி, தூரம் 15 பிக்சல், அதாவது அரைக் கட்டம். எதிர்த்திசையில் சுழியத்திலிருந்து வேகம் எடுக்கும்போது மறுபடி 2400 என்பதால் திரும்பி முழு வேகம் எடுக்க 0.19 நொடி ஆகும். இதற்கும் மேலே ஏற்றிக்கொண்டே போனால் விறைப்பு வந்துவிடும். Godot தரும் மாதிரி நிரலில் delta இல்லாமல் ஒரே ஃபிரேமில் 300 கழிகிறது. விறைப்பு எப்படியிருக்கும் என்று பார்க்க அதை ஓட்டிப் பாருங்கள்.

ஞானம் ஐயா சொல்வது இயற்பியல்படி சரி. ஆனால் நிரலில் friction என்று பார்ப்பவருக்கு உராய்வுதான் உடனே பிடிபடும். எதிர்முடுக்கம் என்றால் திருப்பத்தோடு குழப்பிக்கொள்வார்கள்.

இன்னொன்று: இப்படி மதிப்பை மாற்றி மாற்றி ஆடிப் பார்ப்பதற்குப் ‘பதம் பார்த்தல்’ என்று வைக்கலாமா? பாகைச் சொட்டு விட்டு விரலில் உருட்டிப் பார்ப்பதுபோல, இதையும் கையால்தான் அறிய முடியும்.

ஞானம்:
திருப்பத்துக்குத் தனி மதிப்பு என்றால் உராய்வு என்ற பெயர் இருக்கட்டும், விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘கத்தி விரலைப் பதம் பார்த்தது’ என்றும் சொல்வோமே. ‘பதம் சேர்த்தல்’ என்று யோசியுங்கள்.

ரிஸ்வான்:
1960 போட்டேன், பலூன் போய்விட்டது! நன்றி செந்தில் அண்ணா. ஆனால் என்னிடம் ஒரு பனித்தளம் இருக்கிறது. அங்கே உராய்வை 150-ஆக வேண்டுமென்றே குறைத்திருக்கிறேன். அதுவும் வழுக்கல்தான். கோளாறுக்கும் அதே சொல்லா?

மலர்விழி:
காற்றில் மிதப்பு, தரையில் வழுக்கல் என்று இன்றிரவே திருத்திவிடுகிறேன். விறைப்பை யாரும் மறுக்கவில்லை, அது இருக்கும். பனித்தளத்தில் ‘சறுக்கல்’ என்று பிரிக்கலாமா? ஊரில் குழந்தைகள் சறுக்குமரத்தில் விரும்பித்தான் சறுக்குகிறார்கள். வழுக்கி விழுவது யாரும் விரும்பாதது. பதம் பார்த்தலா, பதம் சேர்த்தலா என்பதற்கு இன்னும் சிலர் கருத்து வரட்டும்.