புதுப்பிப்பு: குழுக் கடனில் ஆடு வாங்கிய பிறகு

போன தையில் நான் கேட்டது: "மகளிர் குழுவில் 50,000 ரூபாய் கடன் தருகிறார்கள். கறவை மாடா, ஆடா, எது வாங்கலாம்?"

வெள்ளாடுதான் வாங்கினேன். நாலு ஆடு, அதில் ரெண்டு சினை. "தவணை மாதாமாதம் வரும், ஆட்டுப் பணம் அப்படி வராது" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அப்படியே நடந்தது. சினைக்காலம் ஐந்து மாதம், குட்டி விலை போக இன்னும் ஆறேழு மாதம். இதுவரை தவணையெல்லாம் தையல் காசில்தான் கட்டுகிறேன். மாடு என்றால் பால் பணம் அவ்வப்போது கைக்கு வந்திருக்கும், ஆனால் பசுந்தீவனம் போட எனக்கு இடமில்லை.

"நாட்டாட்டுக்கு நோயே வராது" என்றார் ஒரு அண்ணன். பாதிதான் சரி. முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லை மேய்ந்துவிட்டு வந்த குட்டி, இருந்ததிலேயே கொழுத்தது, விடியற்காலையில் துள்ளி விழுந்து செத்துப்போனது. துள்ளுமாரி. மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இப்போது காய்ந்த தீவனம் கொஞ்சம் தின்ற பிறகே அவிழ்த்து விடுகிறேன்.

கோழி வளர்க்கச் சொன்ன தங்கச்சி, எங்கள் தெருவில் கீரிப்பிள்ளை அதிகம்மா!

மிச்சம் ரெண்டு கிடாக்குட்டி. வியாபாரி தூக்கிப் பார்த்தே விலை சொல்கிறார், தராசு வேண்டாம் என்கிறார். இப்போதே கொடுக்கவா, பக்ரீத் வரை வைத்திருக்கவா?