20 மீட்டரில் மூச்சு இறுகியது: குற்றம் ரெகுலேட்டர் மேலா, சிலிண்டர் மேலா?

கோவளம்_அலை:
போன வாரம் சென்னைக் கடலில் டைவ் போனேன். 12 லிட்டர் சிலிண்டர், இறங்கும்போது 200 பார். 20 மீட்டரில் ரொம்ப நேரம் எந்தத் தொல்லையும் இல்லை. கேஜ் 70 பாருக்கு வந்த சமயத்தில் மூச்சு இழுக்கவே கஷ்டமாகிவிட்டது. இழுக்கும்போது முள் 70-இலிருந்து 30-க்குப் போகும், மூச்சை விட்டதும் 70-க்குத் திரும்பும். 5 மீட்டருக்கு ஏறியதும் சரியாகிவிட்டது. போட்டில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தால் காற்று தாராளமாக வருகிறது. எல்லாமே வாடகை சாமான். என்ன கோளாறு? அடுத்த தடவை எதைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும்?

அம்பத்தூர்_வெல்டிங்:
ஆழம்தான் காரணம். நான் டைவ் அடித்ததில்லை, ஆனால் கடையில் தினமும் ரெகுலேட்டரோடுதான் பிழைப்பு. சிலிண்டரில் எவ்வளவு இருந்தாலும் ரெகுலேட்டர் வெளியே விடும் அழுத்தம் ஒன்றுதான். ஸ்கூபாவில் அது 9, 10 பார் என்று சொல்கிறார்கள். 20 மீட்டரில் தண்ணீர் 2 பார் எதிர்த்து அழுத்தும். பத்தில் இரண்டு போனால் எட்டு. தள்ளுகிற அழுத்தம் குறைந்தால் காற்றும் குறையத்தானே செய்யும்?

நீலாங்கரை_சர்வீஸ்:
சார், வெல்டிங் ரெகுலேட்டருக்கு உங்கள் கணக்கு சரி. அதில் ஸ்பிரிங் இருக்கிற அறை வெளிக்காற்றைப் பார்த்து இருக்கிறது. ஸ்கூபாவில் சிலிண்டர் வால்வோடு மாட்டுகிற ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் அந்த அறை தண்ணீரைப் பார்த்து இருக்கிறது. பிஸ்டன் வகையைக் கையில் எடுத்துப் பாருங்கள், பக்கவாட்டில் சுற்றிலும் ஓட்டைகள் தெரியும். கடல் தண்ணீர் அது வழியாக உள்ளே போய், ஸ்பிரிங்கோடு சேர்ந்து பிஸ்டனைத் திறக்கும் பக்கம் தள்ளுகிறது. ஹோஸில் சேருகிற காற்று ஸ்பிரிங், தண்ணீர் இரண்டையும் ஜெயித்தால்தான் வால்வு மூடும். அதனால் தரையில் ஹோஸில் 9.5 பார் என்றால், 20 மீட்டரில் அதுவே 11.5 ஆகிவிடும். சுற்றியிருக்கும் தண்ணீரைவிட எப்போதும் அதே 9.5 கூடுதல்.

வாயில் வைக்கிற செகண்ட் ஸ்டேஜும் தண்ணீரைக் கேட்டுத்தான் வேலை செய்கிறது. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நம் மூச்சுக் காற்று. நாம் லேசாக இழுத்ததும் டயாஃப்ரம் உள்பக்கம் குழிந்து ஒரு லீவரை அமுக்கும், லீவர் வால்வைத் திறக்கும். இழுப்பதை நிறுத்தினால் அறை நிரம்பி டயாஃப்ரம் பழைய இடத்துக்குப் போகும், வால்வு மூடிக்கொள்ளும். நெஞ்சை எவ்வளவு அழுத்தத்தில் தண்ணீர் அமுக்குகிறதோ அதே அழுத்தத்தில் காற்று வாய்க்கு வருகிறது. இல்லாவிட்டால் 20 மீட்டரில் யாராலும் நெஞ்சை விரிக்க முடியாது.

இன்னொன்று, ஆழம் மட்டும் காரணம் என்றால் அவருக்கு 20 மீட்டரைத் தொட்டதுமே இறுகியிருக்க வேண்டும். இறுகியது 70 பாரில்.

அடையாறு_அம்மு:
அந்தமானில் எனக்கும் இதே மாதிரி ஆனது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக்கொண்டிருந்தேன், திடீரென்று காற்று போதவில்லை என்று தோன்றியது. கூட வந்த பயிற்சியாளர் கையைப் பிடித்து நிறுத்தி, நீளமாக மூச்சை வெளியே விடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. வேகமாக நீந்தும்போது கரியமில வாயு உடம்பில் தங்கிவிடுகிறது, அதுதான் அந்தத் தவிப்பு. கோவளம், நீங்களும் பதற்றத்தில் குட்டி குட்டியாக மூச்சு வாங்கியிருப்பீர்கள். சாமானைக் குறை சொல்வதற்கு முன்னால் அதை யோசியுங்கள்.

கோவளம்_அலை:
இல்லை அக்கா, பாறை பக்கம் சும்மா மிதந்துகொண்டிருந்தேன். பதற்றம் வந்தது முள்ளைப் பார்த்த பிறகுதான்.

அம்பத்தூர்_வெல்டிங்:
தண்ணீர் ஸ்பிரிங் அறைக்குள் போகிறது என்றால் ஆழத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் சிலிண்டர் அழுத்தத்தை விட மாட்டேன். வாடகைக்குக் கொடுப்பது பெரும்பாலும் மலிவான அன்பேலன்ஸ்டு பிஸ்டன்தானே? அதில் சிலிண்டர் காற்றே, ஓட்டையை அடைக்கிற சீட்டை நேராகத் தள்ளி வால்வைத் திறக்க உதவுகிறது. ஓட்டை 2 மில்லிமீட்டர் என்று வையுங்கள். 200 பாரில் அந்தத் தள்ளல் 63 நியூட்டன் வருகிறது, 70 பாரில் 22. குறைந்த 41 நியூட்டனை 25 மில்லிமீட்டர் பிஸ்டன் தலையில் பரப்பினால் முக்கால் பாருக்கு மேல். அதாவது 9.5 பார் கொடுத்த ரெகுலேட்டர் சிலிண்டர் குறையக் குறைய 8.7 பார்தான் கொடுக்கும். மூச்சு இறுகாதா?

நீலாங்கரை_சர்வீஸ்:
கணக்கு சரி சார், அன்பேலன்ஸ்டு ரெகுலேட்டரில் இது நடக்கத்தான் செய்யும். கடைசியில் மூச்சு கொஞ்சம் கனமாக இருப்பது தெரியும். ஆனால் அதனால் கேஜ் முள் ஆடாது. கேஜ் ஹோஸ் மாட்டியிருக்கிற ஓட்டை, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் சீட்டுக்கு முன்னாலேயே இருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் 9.5 குறைந்தாலும் ஏறினாலும் முள்ளுக்குத் தெரியாது. செகண்ட் ஸ்டேஜ் கெட்டிருந்தாலும் தெரியாது. அம்மு மேடம் சொன்ன தவிப்புக்கும் முள் இவ்வளவு தூரம் இறங்காது.

இழுக்கும்போது முள் 70-இலிருந்து 30-க்கு விழுகிறது என்றால், சிலிண்டரில் 70 இருக்கிறது, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாசலுக்கு 30தான் வந்து சேருகிறது. அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில். அங்கே இருப்பது மூன்றே சமாசாரம்: வால்வுக்கு அடியில் சிலிண்டருக்குள் தொங்குகிற குழாய், வால்வு, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில் இருக்கிற வெண்கல ஃபில்டர்.

ஏன் 200 பாரில் தெரியவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இப்படி ஒரு இடுக்கில், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு, ஒவ்வொரு பாருக்கும் விநாடிக்குச் சுமார் 0.2 லிட்டர் காற்று போகும். அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் வராது. இடுக்கு 0.2 சதுர மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 200 பாரில் நிமிஷத்துக்கு 480 லிட்டர், 70 பாரில் 168. அமைதியாக இருக்கிற ஆள் நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்கினாலும், இழுக்கிற உச்சத்தில் வேகம் அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது 60. 20 மீட்டரில் காற்று மூன்று மடங்கு அடர்த்தி, அதனால் 180 தேவை. முதலில் 480 இருந்தது, கவலையே இல்லை. 70 பாரில் 168தான் வரும், அங்கே முட்டிக்கொள்கிறது. 5 மீட்டருக்கு வந்தால் தேவை 90, போட்டில் 60. அதனால்தான் மேலே எல்லாம் நன்றாகத் தெரிந்தது. இடுக்கின் அளவு நான் வைத்துக்கொண்டதுதான், ஆனால் கோவளம் சொன்ன எல்லாமே இதில் பொருந்துகிறது.

தம்பி, வால்வை யார் திறந்தார்கள்?

கோவளம்_அலை:
போட்டில் இருந்த உதவியாளர் திறந்தார். கேஜில் 200 காட்டியதும் போதும் என்று விட்டுவிட்டேன். கடைசியில் அவர் கொஞ்சம் திருப்பினது ஞாபகம் இருக்கிறது.

ராயபுரம்_பழைய_டைவர்:
அது சரியான முறைதான். முழுசாகத் திறந்து கால் சுற்று திருப்பி விடச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கினார்கள். கடைசி வரை திறந்து வைத்த வால்வு இறுகிப்போனால், அதைத் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியாமல் அடுத்தவன் பலமாகத் திருகி உடைப்பான். கால் சுற்று திருப்பினால் காற்று குறையாது. அந்த உதவியாளரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

நீலாங்கரை_சர்வீஸ்:
அண்ணே, முழுசாகத் திறந்து கால் சுற்று திருப்பினால் காற்று குறையாது, அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. பயம் வேறு. ஆட்டத்தில் இருக்கிற போட்டில், ஈரக் கையோடு ஏற்கெனவே திறந்திருந்த வால்வைத் தவறுதலாக மூடிவிட்டு, கால் சுற்று திறக்கிறார்கள். வால்வு சீட் மெத்தென்ற பொருள், மூடும்போது நன்றாக அமுங்கியிருக்கும். முதல் கால் சுற்றில் பெரும்பகுதி அந்த அமுக்கம் விடுபடுவதிலேயே போகும், மிச்சம் கிடைப்பது மெல்லிய இடுக்கு. ஆனால் கேஜ் 200 என்றே காட்டும், ஏனென்றால் இடுக்கு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் யாரும் மூச்சு இழுக்காதபோது அழுத்தம் சமமாகிவிடும். கடைசியில் திருப்பும் பழக்கம் இருக்கிற வரை இந்தத் தவறு ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும். முழுசாகத் திறந்தது அல்லது மூடியது, இரண்டில் ஒன்று என்று இருந்தால் கையை வைத்ததும் தெரிந்துவிடும்.

ராயபுரம்_பழைய_டைவர்:
ஆள் தப்பு செய்வதற்கு முறையை மாற்றுவதா? ஒழுங்காகப் பழக்குங்கள். நான் மாற்ற மாட்டேன்.

அம்பத்தூர்_வெல்டிங்:
ஒரு சந்தேகம். உங்கள் கணக்குப்படி பார்த்தால் போட்டில் நிறை சிலிண்டரோடு மூச்சு இழுத்துச் சோதிப்பதில் ஒன்றும் தெரியாது. 480 வரும் இடத்தில் 60 கேட்டால் முள் அசையாதே?

நீலாங்கரை_சர்வீஸ்:
ஆமாம் சார், சரியான இடத்தைப் பிடித்தீர்கள். சும்மா மூச்சு இழுத்தால் முள் ஒரு பார்கூட இறங்காது, கண்ணுக்கே தெரியாது. அதனால் செகண்ட் ஸ்டேஜில் மூச்சு இழுக்காமலே காற்றைத் திறந்துவிடுகிற பர்ஜ் பட்டனை இரண்டு விநாடி முழுசாக அமுக்கி, அந்த நேரத்தில் முள்ளைப் பார்க்க வேண்டும். பர்ஜ் செய்தால் சாதாரண மூச்சைவிடப் பல மடங்கு காற்று போகும். வழி திறந்திருந்தால் முள் அப்படியே நிற்கும். இடுக்கு இருந்தால் 200 பாரிலேயே முள் சட்டென்று விழும். அதோடு இறங்குவதற்கு முன் வால்வை நீங்களே ஒரு தடவை திறக்கும் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜைக் கழற்றியதும் வாயில் இருக்கிற ஃபில்டரையும் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மூடியைப் போடாமல் பக்கெட்டில் முக்கிக் கழுவினாலே போதும், அந்தப் பச்சை படிந்துவிடும். செங்காவி நிறம் என்றால் இரும்பு சிலிண்டருக்குள் துரு. வெள்ளைப் பொடி அலுமினியம் சிலிண்டரிலிருந்து வரும்.

கோவளம்_அலை:
இன்று கடைக்குப் போய்க் கேட்டேன். ஃபில்டரை ஏற்கெனவே மாற்றிவிட்டார்களாம், பழையதைக் கொடுத்தார்கள். நகத்தளவு கூம்பு, ஒரு பக்கம் பச்சை ஓடியிருக்கிறது, இன்னொரு பக்கம் பித்தளை நிறம் தெரிகிறது. சிலிண்டரைத் திரும்ப நிரப்பி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இனி வால்வா ஃபில்டரா என்று எப்படிச் சொல்வது?

நீலாங்கரை_சர்வீஸ்:
ஃபில்டர் மாட்டியிருந்தபோதே, முழுசாகத் திறந்த வேறு சிலிண்டரில் போட்டு 70 பாரில் பர்ஜ் செய்திருந்தால் தெரிந்திருக்கும். அப்போதும் முள் விழுந்தால் ஃபில்டர், விழாவிட்டால் வால்வு. இப்போது எனக்கு வால்வு மேல்தான் சந்தேகம் அதிகம். பாதிப் பச்சை ஃபில்டர் இந்த அளவுக்கு அடைக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அம்பத்தூர்_வெல்டிங்:
தம்பி, அந்தக் கூம்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கழுவவும் வேண்டாம். கடையில் நைட்ரஜன் லைன் இருக்கிறது. லேத்தில் அதற்கு ஒரு பிடிமானம் கடைந்து, முன்னால் 70 பார் வைத்து, இரண்டு பக்கமும் கேஜ் போட்டு, காற்றை ஓட விட்டுப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள். எவ்வளவு ஓட விட வேண்டும் என்று நீலாங்கரை சார் சொல்லட்டும்.