கைபேசியிலிருந்து பதிவேற்றினால் இருப்பிடம் மட்டும் காணவில்லை, உதவி தேவை

வேர்க்கால்: மரக் கணக்கெடுப்புக்கு ஒரு தளம் செய்திருக்கிறேன். படத்தைப் பதிவேற்றினால் அதிலுள்ள ஜி.பி.எஸ். மூலம் வரைபடத்தில் புள்ளி விழ வேண்டும், விழவில்லை. நாளை காட்டியாக வேண்டும். அவசரம்.

கயல்: எந்தக் கைபேசி? எந்த பிரவுசர்? கேமராவில் இருப்பிடப் பதிவு இயங்குகிறதா?

தொகுப்பான்: சர்வரில் படத்தைச் சிறிதாக்குகிறீர்களா? பி.எச்.பி.யின் ஜி.டி. நூலகம் மீண்டும் சேமிக்கும்போது எல்லாத் தகவலும் போய்விடும். காரணம் அதுதான், சந்தேகமே வேண்டாம்.

வேர்க்கால்: ஆண்ட்ராய்டு, குரோம். அதே படத்தைக் கணினியில் இருந்து ஏற்றினால் புள்ளி விழுகிறது.

பழையவர்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். சர்வருக்கு வந்த மூலக் கோப்பில், சிறிதாக்குவதற்கு முன், இதை ஓட்டுங்கள்:

```
exiftool -Make -Model -gps:all a.jpg
```

வேர்க்கால்: கேமரா பெயர், மாடல் இரண்டும் வருகின்றன. அட்சரேகை, தீர்க்கரேகை இல்லை. கோப்பின் அளவு மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது.

பழையவர்: அப்படியானால் ஜி.டி. குற்றவாளி இல்லை. அது அழித்திருந்தால் மாடலும் போயிருக்கும், அளவும் மாறியிருக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல், படத்தின் இருப்பிடத்தைப் படிக்கச் செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். அது இல்லாத செயலிக்குக் கோப்பைக் கொடுக்கும்போது, ஜி.பி.எஸ். இருந்த இடத்தில் மட்டும் பூஜ்யங்களை நிரப்பிக் கொடுக்கிறது ஆண்ட்ராய்டு. அளவு மாறாததற்குக் காரணம் அதுவே. உங்கள் படிவத்தில் இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்:

```
<input type="file" accept="image/*">
```

இந்த `accept` இருப்பதால் படத் தேர்வி திறக்கிறது, அந்த வழியில் வரும் கோப்பில்தான் இருப்பிடம் அழிக்கப்படுகிறது. அதை எடுத்துவிட்டு, கோப்பு மேலாளர் வழியே DCIM கோப்புறையில் இருந்து தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

மல்லிகை: எனக்கு நேர்மாறான பிரச்சினை. நண்பர்களுக்குப் படம் அனுப்பும்போது வீட்டு இருப்பிடம் போகக்கூடாது. வாட்ஸ்அப் போதுமா?

கயல்: படமாக அனுப்பினால் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பே போகும், இருப்பிடத்தோடு.

தொகுப்பான்: என் படம், என் விருப்பம். கேட்காமல் அழிக்க இவர்கள் யார்?

கயல்: தன் படத்தில் வீட்டு முகவரி ஒளிந்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அழிப்பதே இயல்பாக இருக்கட்டும்.

தொகுப்பான்: அழிக்கட்டும், ஆனால் அழித்தேன் என்று சொல்லிவிட்டு அழிக்கட்டும். இவரைப் போல ஆள் ஒரு நாள் முழுக்கத் தன் நிரலையே சந்தேகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பழையவர்: கொள்கைச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள்.

வேர்க்கால்: `accept` எடுத்ததும் புள்ளி விழுந்தது. நன்றி. ஐபோன் வைத்திருப்பவர் ஒருவருக்கு மட்டும் இன்னும் வரவில்லை.

பழையவர்: அங்கே படத் தேர்வியில் "விருப்பங்கள்" என்பதற்குள் இருப்பிடத்துக்குத் தனிப் பொத்தான் உண்டு. அவர் அதை அணைத்து வைத்திருக்கிறாரா?

கயல்: வேர்க்கால், என்ன ஆயிற்று?