இட்லிப்பூச் செடியில் புது இலை மட்டும் மஞ்சள், அன்னபேதி போட்டும் மாறவில்லை

பல்லடம் சுகந்தி:
வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக இட்லிப்பூ வைத்திருக்கிறோம். போன வருடம் நன்றாகப் பூத்தது. இப்போது நுனியில் வருகிற புது இலை எல்லாம் வெளிறிய மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்டது போலத் தெரிகிறது. கீழே இருக்கும் பழைய இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள கறிவேப்பிலையும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, முருங்கைக்கும் வேம்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. மண் பரிசோதனை செய்தோம், பிஎச் 8.3, உப்பு அளவு சாதாரணம் என்று வந்தது. உரக்கடையில் இரும்புச்சத்துக் குறைவு என்று அன்னபேதி கொடுத்தார்கள், செடிக்கு ஒரு கைப்பிடி வேரைச் சுற்றிப் போட்டுத் தண்ணீர் விட்டோம். ஒரு மாதம் ஆகியும் மாற்றமே இல்லை. இன்னும் கொஞ்சம் போடலாமா? தண்ணீர் போர்வெல் தண்ணீர்தான், வாளி ஓரமெல்லாம் வெள்ளையாகப் படியும்.

மாடித்தோட்டம் ரவி:
மஞ்சள் என்றால் மெக்னீசியம்தாங்க. எப்சம் உப்பு லிட்டருக்கு ரெண்டு கிராம் கரைத்து ஊற்றுங்கள், என் தக்காளிக்கு அப்படித்தான் சரியானது.

குன்னூர் தோட்டக்காரி:
எங்கள் பக்கம் மண் பிஎச் 5-க்குக் கீழேகூட இருக்கும். தேயிலைக்கு அது சரி, ஆனால் பீட்ரூட், முட்டைக்கோஸ் போட்டால் வளராமல் வெளிறி நிற்கும். டோலமைட் போட்டுக் கிளறிவிட்டால் தெளிந்துவிடும். சுகந்தி, நீங்களும் நடவுக்கு முன்னால் டோலமைட் போட்டீர்களா? இல்லையென்றால் போட்டுப் பாருங்கள்.

சூலூர் வேலுச்சாமி:
டோலமைட் வேண்டவே வேண்டாம் சுகந்தி. அது சுண்ணாம்பு வகை, உங்கள் மண்ணில் ஏற்கெனவே அதுதான் கூடிப்போயிருக்கிறது. குன்னூர் அம்மா சொல்வது அவர்கள் மண்ணுக்கு முழுக்கச் சரி. அங்கே மழை சுண்ணாம்பை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது, புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்குகிறது, அதனால் அங்கே சுண்ணாம்பு மருந்து. நம் பக்கம் நேர் எதிர்.

ரவி தம்பி சொன்ன மெக்னீசியம் பழைய இலையில் முதலில் தெரியும், ஏனென்றால் செடி அதைக் கீழ் இலையிலிருந்து உருவி மேலே அனுப்பிவிடும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது, அதனால் குறைந்தால் புது இலைதான் வெளுக்கும். சுகந்தி சொல்கிற அடையாளம் இரும்புக்கே பொருந்துகிறது.

அன்னபேதி ஏன் வேலை செய்யவில்லை என்றால், மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் நிறமே இரும்புதானே. பிஎச் 8 தாண்டிய சுண்ணாம்பு மண்ணில் அது கரையாத துருவாக மாறிக் கிடக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. நீங்கள் போட்ட கைப்பிடியும் சில நாளில் அதே துருவாகியிருக்கும். இன்னும் போட்டாலும் அதேதான். முருங்கையும் வேம்பும் இந்த மண்ணைத் தாங்கும், இட்லிப்பூ தாங்காது, அது 5.5-இல் இருந்து 6.5 வரை உள்ள மண்ணில் சுகமாக இருக்கிற செடி.

முதலில் ஒன்று பாருங்கள். காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஓரடி ஆழத்து மண்ணையும் சுவர் ஓரத்து மண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள்.

பல்லடம் சுகந்தி:
பார்த்தேன் அண்ணா. மேல் மண் லேசாகப் பொரிந்தது, ஓரடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாகச் சிறு கல் கிடக்கிறது, அதில் விட்டதும் நன்றாக நுரைத்தது. சுவர் கட்டும்போது கொட்டிய சிமெண்ட் கட்டியும் உள்ளே கிடக்கிறது.

விவசாயி முருகேசன்:
பிஎச் கூடினால் ஜிப்சம் போடணும், இதைத்தானே வேளாண் துறையில் எப்போதும் சொல்கிறார்கள். எங்கள் வயலில் போட்டு மண் பொலபொலவென்று ஆனது.

சூலூர் வேலுச்சாமி:
முருகேசன், உங்கள் வயல் களர் நிலமாக இருந்திருக்கும். அங்கே பிஎச் 8.5-க்கு மேல் போகும், சோடியம் மண்ணை இறுக்கிவிடும், தண்ணீர் இறங்காது, ஜிப்சம் அந்தச் சோடியத்தை விரட்டும். சுகந்தி வீட்டில் 8.3, கூடவே சுக்காங்கல். இதில் ஜிப்சம் போட்டால் பிஎச் குறையாது.

குறைக்க வழி கந்தகம். மண்ணில் உள்ள பாக்டீரியா அதை அமிலமாக மாற்றும், சில மாதம் பிடிக்கும், மண் ஈரமாக இருக்கணும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் அரையடி ஆழத்து மண் சுமார் 200 கிலோ வரும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு என்றால் 10 கிலோ. ஒரு கிலோ கந்தகம் ஏறக்குறைய மூன்று கிலோ சுண்ணாம்பைத்தான் கரைக்கும், ஆக ஒரு சதுர மீட்டருக்கே மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும். அவ்வளவும் கரையும்வரை பிஎச் பெரிதாக இறங்காது. அத்தனை கந்தகத்தைக் கொட்டினால் வேரே தாங்காது. ஆகவே தரையில் உள்ள மண்ணை மாற்ற நினைக்காதீர்கள்.

பல்லடம் சுகந்தி:
அப்போ என்னதான் செய்வது?

சூலூர் வேலுச்சாமி:
இலை வழியாகக் கொடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது எலுமிச்சை உப்பு, கரைத்துக்கொண்டு பிறகு 5 கிராம் அன்னபேதி போடுங்கள். போர்வெல் தண்ணீரில் கலக்காதீர்கள், மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். அன்னபேதி இளம்பச்சையாக இருக்கணும், செங்கல் நிறமாகிப்போனதை வாங்காதீர்கள், அது ஏற்கெனவே துருப்பிடித்தது. வெயில் சாய்ந்தபின் தெளியுங்கள், தரையிலும் சுவரிலும் பட்டால் கறை போகாது. முதலில் ஒரே ஒரு கிளையில் மட்டும் தெளித்துப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் அந்தக் கிளை மட்டும் பச்சை திரும்பினால் இரும்புதான் காரணம். திரும்பாவிட்டால் மாங்கனீசையோ வேர் அழுகலையோ பார்க்கணும்.

இது நிரந்தரம் இல்லை. அடுத்து வரும் தளிர் மறுபடி மஞ்சளாகத்தான் வரும், பத்து நாளுக்கு ஒருமுறை தொடரணும். வேரில் கொடுக்க வேண்டுமென்றால் பாக்கெட்டில் இ.டி.டி.எச்.ஏ. இரும்பு என்று போட்டிருப்பதை வாங்குங்கள், கரைத்தால் அடர்சிவப்பாக இருக்கும். விலை குறைவான இ.டி.டி.ஏ. இந்த மண்ணில் சீக்கிரமே இரும்பை விட்டுவிடும்.

மாடித்தோட்டம் ரவி:
தொட்டியில் வைத்தால் தொல்லை இல்லையே? செம்மண், இலைமக்கு, தேங்காய்நார் கலந்து.

சூலூர் வேலுச்சாமி:
நல்ல யோசனை தம்பி, ஆனால் அதே போர்வெல் தண்ணீரை ஊற்றினால் அதுவும் ஏறும். தண்ணீரின் காரத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள், தினம் 5 லிட்டர் ஊற்றினால் 2 கிராம் சுண்ணாம்பு, மாதத்துக்கு 60 கிராம். கொஞ்சம் வடிந்துபோகும், மீதி தொட்டியிலேயே தங்கும். ஆர்.ஓ. கழிவு நீர் இன்னும் மோசம். மழைநீர், ஏ.சி. தண்ணீர் பரவாயில்லை.

குன்னூர் தோட்டக்காரி:
ஓ, அதனால்தான் எங்கள் ஊரில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது போல. கீழே கொண்டுபோன உறவினர் வீட்டில் அதே செடி இளஞ்சிவப்பாகிவிட்டது. அதை நீலமாக்கணும் என்றால்?

சூலூர் வேலுச்சாமி:
அலுமினியம் கரைந்தால்தான் நீலம் வரும். தொட்டியில் படிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். ஆனால் கீழே உள்ள வெயிலை அந்தச் செடி தாங்குமா என்பதே பெரிய கேள்வி.

கரூர் செல்வி:
சுகந்தி, எங்கள் வீட்டில் சுவர் ஓரம் முழுக்க ஒன்றரையடி வெட்டி, பக்கவாட்டில் பாலித்தீன் தாள் விரித்து, வேறு மண் நிரப்பினோம். நன்றாகவே வருகிறது.

சூலூர் வேலுச்சாமி:
நான் செய்ய மாட்டேன் செல்வி. அடி திறந்திருந்தால் வேர் சுக்காங்கல்லுக்குள் இறங்கும், அடைத்தால் மழைக்குத் தண்ணீர் தேங்கும்.

கரூர் செல்வி:
அடியில் திறந்துதான் விட்டிருக்கிறோம் அண்ணா, இதுவரை மஞ்சள் இல்லை. எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர் வருகிறது, அதனாலும் இருக்கலாம்.

பல்லடம் சுகந்தி:
சரி, நாளைக்கு ஒரு கிளையில் தெளித்துப் பார்க்கிறேன், சிமெண்ட் கட்டியையும் பொறுக்கிப் போட்டுவிடுகிறேன். தண்ணீரின் காரத்தன்மையை எங்கே பார்க்கலாம்?

விவசாயி முருகேசன்:
மண் பரிசோதனை நிலையத்திலேயே பாசன நீரும் பார்ப்பார்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் வாய்வரை பிடித்துக் கொண்டுபோங்கள், இரண்டு நாள் வைத்திருந்து கொடுக்காதீர்கள்.