பைப் ஃப்ளோ லெக்சர் ரெக்கார்டிங்: ஃபார்முலாவைச் சரிபார்க்க உதவி வேண்டும்

நண்பர்களே, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பில் பதிவு செய்த ஆடியோவைக் கேட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பு, வரையறை, ஃபார்முலா, கணக்கு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஆடியோ நேரத்தையும் போட்டுவருகிறேன். குழாய் உராய்வு இழப்புப் பகுதியில்தான் சிக்கல்.

23வது நிமிடத்தில் சார் சொல்வது hf = 4fLV²/(2gd). இது தெளிவாகக் கேட்கிறது. அப்புறம் லேமினார் ஃப்ளோவுக்கு f சொல்லும்போது ஃபேன் சத்தம். வேகத்தைக் குறைத்துக் கேட்டாலும் அது சிக்ஸ்டீனா, சிக்ஸ்டியா என்று பிடிபடவில்லை. 64 என்பதில் பாதி விழுங்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

அதனால் அவர் போட்ட கணக்கை வைத்துப் பார்த்தேன். Re = 1600, f = 0.01 என்கிறார். 64/1600 என்றால் 0.04 வரும், 16/1600 என்றால்தான் 0.01. ஆக, இது ஃபேனிங் f. 4f ஃபார்முலாவோடும் பொருந்துகிறது.

ஆனால் 41வது நிமிடத்தில் மூடி சார்ட்டிலிருந்து 0.02 எடுக்கிறார். நம் புத்தகத்தில் உள்ள சார்ட் டார்சி f தருவது. அதை அப்படியே 4f-இல் போட்டால் இழப்பு நான்கு மடங்காகிவிடும். அவர் 4-ஆல் வகுத்தாரா என்பது ஆடியோவில் இல்லை, போர்டில் எழுதியிருப்பார் போல.

அந்த போர்டைப் படம் எடுத்தவர்கள் தயவுசெய்து பகிருங்கள். படம் இல்லையென்றால், அந்தக் கணக்கின் இறுதி hf மதிப்பு மட்டும் போதும்.