புதுப்பிப்பு: இயக்குநரைப் பார்த்துவிட்டேன்

முன்பு இங்கே நான் கேட்டது: "என்னை யாரென்றே தெரியாத எங்கள் கம்பெனி இயக்குநரிடம் எப்படி நேரம் கேட்பது?"

முதல் மெயிலில் 'ஒரு மணி நேரம், வழிகாட்டுதல்' என்று கேட்டு மூன்று வாரம் பதிலே இல்லை. இங்கே ஒரு அக்கா சொன்னபடி நாலு வரியாகக் குறைத்தேன்: சேலம் கிடங்கில் இருக்கிறேன், ஏற்காட்டிலிருந்து வரும் காப்பி மூட்டைகளின் ஈரம் பற்றி ஒரே கேள்வி, வியாழன் நீங்கள் இங்கே வரும்போது 15 நிமிடம், முடியாவிட்டால் மெயிலில் ஒரு வரி போதும். அன்றைக்கே 'சரி, 4.10' என்று வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மற்றதைத் தள்ளி வைக்கணும், 15 நிமிடத்தை இரண்டு கூட்டத்துக்கு நடுவில் நானே செருகிவிடுவேன் என்றார் உதவியாளர்.

'வாசலில் போய் நில்லு' என்ற தம்பி பாதி சரி, அந்த உதவியாளரிடம் முகம் பழகியது அப்படித்தான். சம்பள உயர்வா என்று கேட்ட அண்ணாவுக்கு: இல்லைங்க.

12வது நிமிடத்தில் நானே எழுந்தேன், 'உட்காருங்க' என்றார் இயக்குநர். அடுத்து எப்போது கேட்கலாம்?