கோயில் யானை ஏன் மணிக்கணக்கா ஆடிக்கிட்டே இருக்கு? பார்த்தவங்க சொல்லுங்க

நெல்லைக்காரன்: போன வாரம் பேத்தியோட எங்க ஊர்க் கோயில் யானைக் கொட்டில் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். இடது முன்னங்காலைத் தூக்கி வைக்குது, தலை ஒரு பக்கம் போகுது, அப்புறம் மறுபக்கம். ஒரு மணி நேரமா நிறுத்தவே இல்ல. "தாத்தா, டான்ஸ் ஆடுது"ன்னா பேத்தி. எனக்குச் சிரிக்கத் தோணல. அந்தக் கால் படுற இடத்துல மட்டும் கருங்கல் தேய்ஞ்சு வழவழன்னு இருந்துச்சு.

வில்லிபுத்தூரான்: மதம் பிடிக்கப் போகுது. கிட்டப் போகாதீங்க.

கொட்டில்காரர்: மதம் இல்லீங்க. நம்ம கோயில்கள்ல பெரும்பாலும் பெண் யானைங்கதான். ஆண் யானைக்கு மதம் வந்தா கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல நீர் வழியும், சிறுநீர் சொட்டிக்கிட்டே இருக்கும்.

கால்நடை உதவியாளரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். காட்டு யானைக்கு ஒரு நாளோட பெரும்பகுதி நடக்கிறதுலயும் மேயுறதுலயுமே போயிடும். இங்க ஓலையைப் போட்டா தின்னு முடிச்சிடும், அப்புறம் செய்ய ஒண்ணுமில்ல. நடக்கணும்னு இருக்கிற உடம்பு, சங்கிலி விட்ட அளவுக்குத்தான் அசைய முடியுது. நேரத்தைக் குறிச்சுப் பாருங்க. கவளம் வர்ற நேரம் நெருங்க நெருங்க ஆட்டம் கூடும்.

மதுரை சுப்பு: எங்க பாகன் அண்ணன், கால்ல ரத்தம் ஓடணும்னுதான் ஆடுதுன்னு சொல்வார்.

கொட்டில்காரர்: கல்லுல நின்னா கால் வலிக்கும், எடையை மாத்தி மாத்திப் போடும். அதுவரைக்கும் அவர் சொல்றது சரி. ஆனா வெளிநாட்டு சர்க்கஸ் யானைகளைச் சங்கிலியை அவிழ்த்து வேலி போட்ட திடல்ல விட்டுப் பார்த்தாங்க. ஆட்டம் நல்லாவே குறைஞ்சுது. கால்வலி மட்டும் காரணம்னா நேரம் பார்த்து ஏன் கூடணும்?

பால்பண்ணை: எங்க ஜெர்சி மாடு நாக்கை வெளியே நீட்டிச் சுழட்டிக்கிட்டே இருக்கு. இதுக்கு மருந்து இருக்கா?

கொட்டில்காரர்: அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான். நீளமா இருக்கிற வைக்கோலா போடுங்க, மென்னுக்கிட்டே இருக்கட்டும்.

மேட்டுப்பாளையம் பையன்: தேக்கம்பட்டியில கோயில் யானைங்களுக்கு 48 நாள் முகாம் நடந்தப்போ தினமும் போவேன். காலையில நடைப்பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறப்போ எந்த யானையும் ஆடல. சாயங்காலம் கட்டினதும் சில யானைங்க ஆரம்பிச்சிரும். அதுல ஒரு கிழட்டு யானை சங்கிலியே இல்லாம நின்னுக்கிட்டு ஆடிச்சு.

கொட்டில்காரர்: வருஷக்கணக்கா ஆடினா பழக்கமா ஊறிடும் தம்பி. அவிழ்த்து விட்டாலும் உடனே போகாது. சிலதுக்குக் கடைசி வரைக்கும் போறதில்ல.

நெல்லைக்காரன்: நேத்து நேரம் குறிச்சேன். நீங்க சொன்ன மாதிரியே கவளத்துக்கு முன்னாடி அதிகமாச்சு. ஆனா ஓலை வந்தப்புறமும் தின்னுக்கிட்டே ஆடுதே?

கொட்டில்காரர்: எந்த வயசுல கோயிலுக்கு வந்துச்சுன்னு பாகன்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.